மூன்று சுவர்களையும் தொட்டுத் திரும்பும் குறுக்குவழி

முக்கோண வடிவில் சுவர் எழுப்பிய ஒரு திடல். உள்ளே நிற்பவர் ஒரு சுவரிலிருந்து புறப்பட்டு, இரண்டாவது சுவரைத் தொட்டு, மூன்றாவதையும் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். எங்கே புறப்பட்டு எங்கெங்கே தொட்டால் நடை மிகக் குறையும்?

இத்தாலியைச் சேர்ந்த ஜொவான்னி ஃபன்யானோ 1775-இல் இந்தக் கேள்வியை எழுப்பி, நுண்கணிதத்தின் துணையோடு விடையும் சொன்னார். அவருடைய தந்தை ஜூலியோ ஃபன்யானோ பெயர்பெற்ற கணித அறிஞர். மகன் தேவாலயப் பணியில் இருந்துகொண்டே கணிதம் செய்தவர். அவர் கண்ட விடை ஒரே வரிதான்: முக்கோணத்தின் மூன்று கோணங்களும் 90 பாகைக்குக் குறைவாக இருந்தால், ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்ச்சுவருக்கு நேர் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள்; அந்தக் கோடுகள் சுவரில் விழும் மூன்று இடங்களே நீங்கள் தொட வேண்டியவை.

இதே விடையை நுண்கணிதம் இல்லாமலும் எட்டிவிடலாம். ஒன்பதாம் வகுப்பு வடிவியலும், கண்ணாடியில் பிம்பம் எங்கே தெரியும் என்ற அறிவும் போதும். அந்த வழியில் போகும்போது, இந்தக் கோடுகள் சந்திக்கும் புள்ளிக்கு ஒரு விசித்திரமான குணம் இருப்பது தெரியவரும். அதிலிருந்தே மற்றதெல்லாம் பிறக்கிறது. ஒரு தாளும் கவராயமும் கையில் இருந்தால் படிக்கப் படிக்க வரைந்து பார்க்கலாம்.

13, 14, 15

தாளின் நடுவில் 14 சென்டிமீட்டர் நீளத்தில் BC என்ற கோட்டை வரையுங்கள். கீழே நான்கைந்து சென்டிமீட்டர் இடம் விட்டுவைப்பது நல்லது. B-யிலிருந்து 13, C-யிலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் மேலே A என்ற உச்சியைக் குறியுங்கள். A-யில் சுமார் 59.5 பாகை, B-யில் 67.4, C-யில் 53.1. மூன்றும் 90-க்குள் அடங்குவதால் இது குறுங்கோண முக்கோணம்.

இந்த அளவுகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. A-யிலிருந்து BC-க்குக் குத்துக்கோடு போட்டால் அது B-யிலிருந்து சரியாக 5 சென்டிமீட்டரில் விழும். அதன் உயரம் சரியாக 12. இடப்பக்கம் 5, 12, 13 என்ற செங்கோண முக்கோணமும், வலப்பக்கம் 9, 12, 15 என்ற செங்கோண முக்கோணமும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதுதான் நம் முக்கோணம். பரப்பு 84 சதுர சென்டிமீட்டர். குத்துக்கோடு விழும் இடத்தை D என்று அழைப்போம்.

B-யிலிருந்து CA-க்கும், C-யிலிருந்து AB-க்கும் அப்படியே குத்துக்கோடுகளை வரையுங்கள். முதலாவது A-யிலிருந்து 6.6 சென்டிமீட்டரில் CA-யைத் தொடும், அது E. இரண்டாவது B-யிலிருந்து ஏறத்தாழ 5.4 சென்டிமீட்டரில் AB-யைத் தொடும்; அது F. குத்துக்கோடுகள் மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும். பள்ளிப் பாடநூல் அதைச் செங்கோட்டு மையம் என்கிறது. வழக்கப்படி H என்று பெயரிடுவோம். நம் படத்தில் அது D-க்கு நேர் மேலே 3.75 சென்டிமீட்டரில் இருக்கிறது.

D, E, F மூன்றையும் இணைத்தால் பெரிய முக்கோணத்துக்குள் ஒரு சிறிய முக்கோணம் கிடைக்கும். குத்துக்கோடுகளின் அடிகளால் ஆனது என்பதால் அதை அடி முக்கோணம் என்று சொல்லிக்கொள்வோம். ஃபன்யானோ சொன்ன குறுக்குவழி இதன் சுற்றளவுதான்.

வட்டத்தில் போய் விழும் பிம்பம்

இப்போது A, B, C மூன்று வழியாகவும் போகும் சுற்றுவட்டத்தை வரையுங்கள். BC-யின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே 4.125 சென்டிமீட்டரில் அதன் மையம், ஆரம் 8.125. AD என்ற குத்துக்கோட்டை BC-க்குக் கீழேயும் நீட்டினால் அது வட்டத்தை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடம் K.

D-யிலிருந்து K எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். 3.75 சென்டிமீட்டர் வரும். D-க்கு மேலே H இருந்த தூரமும் அதேதான். BC-யை ஒரு கண்ணாடி என்று வைத்துக்கொண்டால் H-இன் பிம்பம் K. அந்தப் பிம்பம் வட்டத்தின் மேலேயே அமர்ந்திருக்கிறது.

எண்களால் சரிபார்ப்பது எளிது. வட்டத்துக்குள் இரண்டு நாண்கள் வெட்டிக்கொண்டால், ஒன்றின் இரு துண்டுகளின் பெருக்கமும் மற்றதன் இரு துண்டுகளின் பெருக்கமும் சமம். இங்கே BC, AK ஆகிய நாண்கள் D-யில் வெட்டுகின்றன. 5-ஐ 9-ஆல் பெருக்கினால் 45. 12-ஐ எதால் பெருக்கினால் 45 வரும்? 3.75.

ஆனால் இது இந்த முக்கோணத்துக்கு மட்டும் வாய்த்த தற்செயல் இல்லை. எந்த முக்கோணத்தில் செய்தாலும் இப்படியே நடக்கும். காரணம் இரண்டு கோணங்களில் அடங்கியிருக்கிறது.

B-யில் நின்று பாருங்கள். BC என்ற கோட்டிலிருந்து H-ஐ நோக்கி மேலே ஒரு கோணம். B, H, E மூன்றும் ஒரே கோட்டில் இருப்பதால் அது EBC என்ற கோணமே. BEC என்ற முக்கோணத்தில் E-யில் 90 பாகை இருக்கிறது. ஆகவே EBC என்பது 90-இலிருந்து C-யைக் கழித்த மீதி. இனி BC-யிலிருந்து K-ஐ நோக்கிக் கீழே ஒரு கோணம், KBC. K-யிலிருந்து C வரையுள்ள வட்டவில்லை B-யிலிருந்து பார்த்தாலும் A-யிலிருந்து பார்த்தாலும் ஒரே கோணத்தில்தான் தெரியும். ஒரே வில் வட்டத்தின் மேல் தாங்கும் கோணங்கள் சமம் என்ற பழைய தேற்றம் அது. ஆகவே KBC-யும் KAC-யும் சமம். KAC என்பது DAC. ADC என்ற முக்கோணத்தில் D-யில் 90 பாகை; எனவே அதுவும் 90-இலிருந்து C-யைக் கழித்த மீதி.

இரண்டு கோணங்களும் சமமாகிவிட்டன. B-யிலிருந்து மேலே பார்த்தால் H, கீழே அதே சாய்வில் பார்த்தால் K. இரண்டும் BC-க்குச் செங்குத்தான ஒரே கோட்டில் இருக்கின்றன. அப்படியானால் D-யிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில்தான் இருக்க முடியும். நிறுவல் முடிந்தது. A-க்கும் BC-க்கும் இங்கே தனிச் சலுகை எதுவும் இல்லாததால், CA-யில் விழும் பிம்பமும் AB-யில் விழும் பிம்பமும் அதே வட்டத்தில்தான் இருக்கும். அவற்றை முறையே L, M என்று குறியுங்கள்.

போகிற போக்கில் ஒன்றைக் கவனிக்கலாம். K-யின் வழியாகவும் B, C வழியாகவும் போவது நம் சுற்றுவட்டம். தாளை BC வழியே மடித்தால் K போய் H-இன் மேல் பொருந்தும். B-யும் C-யும் நகராது. ஆகவே H, B, C வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் ஆரமும் அதே 8.125 சென்டிமீட்டர்தான். H, C, A வழியாகவும் H, A, B வழியாகவும் வரையும் வட்டங்களுக்கும் அப்படியே. கவராயத்தின் அகலத்தை மாற்றாமலே நான்கு வட்டங்களையும் போட்டுவிடலாம்.

பாதியாகச் சுருங்கிய முக்கோணம்

K, L, M மூன்றையும் இணையுங்கள். வட்டத்துக்குள் ஒரு புதிய முக்கோணம் வரும். இதற்கும் அடி முக்கோணத்துக்கும் உள்ள உறவு நேரடியானது. H-இலிருந்து K வரை போகும் கோட்டின் சரிபாதியில் D. L வரை போகும் கோட்டின் சரிபாதியில் E. M-க்கு F. அதாவது KLM-ஐ H-ஐ நோக்கிச் சரிபாதியாகச் சுருக்கினால் DEF கிடைக்கும். பக்கங்கள் பாதியாகும், ஆனால் திசை மாறாது. EF-உம் LM-உம் இணை, FD-உம் MK-உம் இணை, DE-உம் KL-உம் இணை. கோணங்கள் அப்படியே இருக்கும்.

இந்த உறவால் என்ன லாபம்? DEF-இன் கோணங்களைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் KLM-இடம் கேட்டுவிடலாம். KLM வட்டத்தின் மேல் இருப்பதால் அங்கே பதில் கிடைப்பது சுலபம்.

K-யில் நின்று L-ஐயும் A-யையும் பாருங்கள். A-யிலிருந்து L வரையுள்ள வில்லை K-யிலிருந்து பார்க்கும் கோணமும் B-யிலிருந்து பார்க்கும் கோணமும் சமம். B-யிலிருந்து பார்ப்பது ABE என்ற கோணம். அது 90-இலிருந்து A-யைக் கழித்த மீதி. இப்போது K-யிலிருந்து மறுபக்கம் திரும்பி M-ஐப் பாருங்கள். A-யிலிருந்து M வரையுள்ள வில்லை C-யிலிருந்து பார்த்தால் ACF. அதுவும் 90-இலிருந்து A-யைக் கழித்த மீதியே. ஆக, K-யில் உள்ள கோணத்தை KA என்ற கோடு சரிசமமாகப் பிளக்கிறது.

அதே படத்தைப் பாதியாகச் சுருக்கினால், D-யில் உள்ள கோணத்தை DA என்ற குத்துக்கோடு சரிசமமாகப் பிளக்கும். E-யில் EB, F-இல் FC. பெரிய முக்கோணத்தின் குத்துக்கோடுகள் மூன்றும் சிறிய முக்கோணத்தின் கோண இருசமவெட்டிகளாகிவிட்டன. பெரியதன் செங்கோட்டு மையம் சிறியதன் உள்வட்ட மையம்.

நம் படத்தில் D-யில் கோணம் 180-இலிருந்து A-யின் இருமடங்கைக் கழித்தால் வருவது, அதாவது சுமார் 61 பாகை. அதேபோல் E-யில் 45.2, F-இல் 73.7. கோணமானியை வைத்துப் பார்த்தால் AD அந்த 61-ஐ முப்பதரை முப்பதரையாகப் பங்கிடுவது தெரியும்.

ஒளி ஏன் அந்த வழியில் சுற்றுகிறது?

AD என்பது BC-க்குச் செங்குத்து. அந்தச் செங்குத்துக்கோட்டுக்கு இரு பக்கமும் DF, DE ஆகியவை சம சாய்வில் இருக்கின்றன. கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்பும் விதியும் இதைத்தான் சொல்கிறது: படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம்.

ஆகவே மூன்று பக்கங்களையும் கண்ணாடியாக்கி, F-இலிருந்து D-யை நோக்கி ஓர் ஒளிக்கதிரை விட்டால் அது D-யில் பட்டு E-க்குப் போகும். E-யில் பட்டு F-க்குப் போகும். F-இல் பட்டு மீண்டும் D-க்கு வரும். அதே மூன்று கோடுகளிலேயே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். முக்கோண வடிவில் ஒரு கேரம் பலகை செய்து, உராய்வும் சுழற்சியும் இல்லாத ஸ்ட்ரைக்கரை F-இலிருந்து D-யை நோக்கி விட்டாலும் இதே கதைதான்.

இப்படி மூன்றே மோதலில் மூடிக்கொள்ளும் பாதை ஒரு குறுங்கோண முக்கோணத்தில் இது ஒன்றுதான். பாதையைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி, DF-க்கு இணையாகக் கதிரை விட்டால் மூன்று மோதலுக்குப் பிறகு அது புறப்பட்ட இடத்துக்கு வராது. ஆனால் திசை பழையபடி இணையாகவே இருக்கும். இன்னும் மூன்று மோதல் கழித்து, ஆறாவது மோதலில் பாதை மூடிக்கொள்ளும். அதன் நீளம் அடி முக்கோணத்தின் சுற்றளவைப் போலச் சரியாக இருமடங்கு.

மிகக் குறைந்த நடை

சம கோணத்தில் திரும்பும் வழி என்பது வரை சரி. அதுவே மிகக் குறுகியது என்று எப்படிச் சொல்வது? ஹங்கேரியைச் சேர்ந்த லிபோத் ஃபெயேர், 1900-ஆம் ஆண்டை ஒட்டி பெர்லினில் மாணவராக இருந்தபோது கொடுத்த நிறுவல் மிகவும் சுருக்கமானது. அங்கே பேராசிரியராக இருந்த ஹெர்மன் ஷ்வார்ஸ் இதே கணக்குக்கு முக்கோணத்தை அடுத்தடுத்து ஐந்து முறை பிரதிபலிக்கும் வேறொரு நிறுவலைத் தந்தவர். ஃபெயேருக்கு இரண்டே பிரதிபலிப்புகள் போதுமாக இருந்தன.

BC-யில் எங்காவது X என்ற புள்ளியிலிருந்து நடை தொடங்கட்டும். AB-யில் ஏதோ ஒரு Z-ஐத் தொட்டு, CA-யில் ஏதோ ஒரு Y-ஐத் தொட்டு X-க்குத் திரும்புகிறோம். AB என்ற கண்ணாடியில் X-இன் பிம்பத்தை P என்றும், CA என்ற கண்ணாடியில் அதன் பிம்பத்தை Q என்றும் குறிப்போம். X-இலிருந்து Z-க்கு நடக்கும் தூரமும் P-யிலிருந்து Z-க்கு உள்ள தூரமும் ஒன்றே. Y-யிலிருந்து X-க்கு நடப்பதும் Y-யிலிருந்து Q-க்கு நடப்பதும் ஒன்றே. ஆக, மொத்த நடை என்பது P-யிலிருந்து Z வழியாக, Y வழியாக Q-க்குப் போகும் தூரம். இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்கோட்டை விடக் குறுகிய வழி கிடையாது. எனவே X-ஐ மாற்றாமல் வைத்திருந்தால் PQ என்ற நேர்கோட்டை விடக் குறைவாக நடக்கவே முடியாது.

இனி X-ஐ எங்கே வைத்தால் PQ மிகக் குறையும் என்பது மட்டுமே மிச்சம். பிம்பங்கள் என்பதால் AP, AX, AQ மூன்றும் சமம். AB-க்கு அந்தப் பக்கம் P போனதாலும் CA-க்கு அந்தப் பக்கம் Q போனதாலும், A-யில் PAQ என்ற கோணம் முக்கோணத்தின் A கோணத்தைப் போல இருமடங்கு. X எங்கே இருந்தாலும் இந்தக் கோணம் மாறாது. ஆக PAQ என்பது இரு பக்கம் சமமான முக்கோணம். உச்சிக்கோணம் நிலையானது, பக்கத்தின் நீளமாகிய AX மட்டும் மாறக்கூடியது. அடிப்பக்கமான PQ-வின் அளவு 2 × AX × sin A. AX குறையக் குறைய அதுவும் குறையும். A-யிலிருந்து BC-க்கு மிகக் குறைந்த தூரம் எது? குத்துக்கோடு. ஆகவே X இருக்க வேண்டிய இடம் D.

X-ஐ D-யில் வைத்தபின், PQ என்ற நேர்கோடு AB-யையும் CA-யையும் எங்கே வெட்டும் என்று தேட வேண்டியதில்லை. F-இலும் E-யிலும் ஒளி சம கோணத்தில் திரும்புகிறது என்று முன்பே கண்டோம். அதனால் பிம்பங்களோடு சேர்த்துப் பார்க்கும்போது P, F, E, Q நான்கும் ஒரே நேர்கோட்டில்தான் இருக்கும். குறுகிய வழி DEF என்பது உறுதியாகிவிட்டது.

நம் முக்கோணத்தில் sin A என்பது 56/65. 24-ஐ இதால் பெருக்கினால் 20.68 சென்டிமீட்டர். B-யிலிருந்து தொடங்கினாலும் இதே விடை வர வேண்டும். அங்கே குத்துக்கோடு 11.2, sin B என்பது 12/13. 2 × 11.2 × 12/13 என்பதும் 20.68. அடி முக்கோணத்தின் பக்கங்களை நேரடியாக அளந்தால் EF 7.11, FD 5.77, DE 7.80, கூட்டினால் அதே 20.68.

போட்டிக்கு வேறு இரண்டு வழிகளை நிறுத்திப் பார்ப்போம். மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்தால் நடை 21 சென்டிமீட்டர். உள்வட்டம் பக்கங்களைத் தொடும் மூன்று இடங்களையும் இணைத்தால் 20.76. வித்தியாசம் மிகச் சிறிது. உள்வட்டத்தோடு ஒப்பிட்டால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. காரணம், குத்துக்கோட்டின் அடியை ஒட்டி AX மிக மெதுவாகத்தான் கூடுகிறது. X-ஐ D-யிலிருந்து 2 சென்டிமீட்டர் நகர்த்தி நடுப்புள்ளியில் வைத்தாலும் AX 12-இலிருந்து 12.17-க்குத்தான் போகிறது. அதனால் நூலை வைத்து அளந்து குறுகிய வழியைக் கண்டுபிடிக்க முயல்பவர், நீளத்தில் ஏறத்தாழச் சரியான விடையைப் பெறுவார். தொட வேண்டிய இடத்தைத் தவறாகச் சொல்வார்.

வரைந்தது சரியா என்று எப்படிப் பார்ப்பது?

படம் வரையும்போது அடிக்கடி நடக்கும் தவறு, குத்துக்கோட்டுக்குப் பதிலாக நடுக்கோட்டையோ கோண இருசமவெட்டியையோ போட்டுவிடுவது. நம் முக்கோணத்தில் A-யிலிருந்து வரும் மூன்றும் BC-யை B-யிலிருந்து முறையே 5, 7, 6.5 சென்டிமீட்டரில் தொடும். மூன்று கோடுகளும் ஒரு புள்ளியில் சந்தித்துவிட்டன என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. நடுக்கோடுகளும் கோண இருசமவெட்டிகளும்கூட ஒரே புள்ளியில்தான் சந்திக்கின்றன.

சரியான சோதனை பிம்பம்தான், ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் பார்த்தால் ஏமாறலாம். நம் முக்கோணமே அதற்குச் சாட்சி. H-க்குப் பதிலாக உள்வட்ட மையத்தை எடுத்து BC-யில் பிரதிபலித்தால், பிம்பம் வட்டத்தை விட்டு அரை மில்லிமீட்டர் சொச்சமே வெளியே விழுகிறது. பென்சில் கோட்டின் தடிமனே அதை மறைத்துவிடும். அதே மையத்தை CA-யில் பிரதிபலித்தால் வட்டத்துக்கு உள்ளே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழும். AB-யில் பிரதிபலித்தால் ஏழு எட்டு மில்லிமீட்டர் வெளியே. மூன்று பிம்பங்களும் வட்டத்தில் விழுந்தால்தான் அது செங்கோட்டு மையம்.

எண்ணால் சரிபார்க்க விரும்புவோருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு குத்துக்கோட்டையும் H இரண்டாகப் பிரிக்கிறது. அந்த இரு துண்டுகளின் பெருக்கம் மூன்று குத்துக்கோடுகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். AD-யில் 8.25 × 3.75, BE-யில் 6.25 × 4.95, இரண்டும் 30.94. இதுவும் பிம்பத்திலிருந்து வருவதுதான்: AK, BL, CM ஆகியவை H-இல் வெட்டிக்கொள்ளும் நாண்கள், ஒவ்வொன்றிலும் H-க்கு அப்பால் உள்ள துண்டு, H-இலிருந்து பக்கத்துக்கு உள்ள தூரத்தைப் போல இருமடங்கு.

கோணம் 90-ஐத் தாண்டினால்

A கோணத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் E-யும் F-உம் மெல்ல A-யை நெருங்கும். சரியாக 90 பாகையில் இரண்டும் A-யிலேயே போய் ஒன்றிவிடும். H-உம் அங்கேதான் இருக்கும். அடி முக்கோணம் தட்டையாகி AD என்ற ஒரே கோடாகிவிடுகிறது. குறுகிய வழி என்பது D-யிலிருந்து A-க்குப் போய்த் திரும்புவது. 2 × AD × sin A என்ற சூத்திரமும், sin 90 என்பது 1 என்பதால், அதையே சொல்கிறது.

90-ஐத் தாண்டியதும் ஃபெயேரின் நிறுவல் ஓரிடத்தில் நின்றுவிடும். PAQ என்ற கோணம் 180-க்கு மேல் போவதால், PQ என்ற நேர்கோடு A-க்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகும். AB, CA ஆகிய பக்கங்களைத் தொடவே தொடாது. அங்கே குறுகிய நடை மீண்டும் A வரை போய்த் திரும்புவதுதான். E, F ஆகிய அடிகள் முக்கோணத்துக்கு வெளியே போய்விட்டதால் அடி முக்கோணத்தை ஒட்டி நடக்க வழியில்லை.

ஆனால் பிம்பத்தின் குணம் மட்டும் கெடுவதில்லை. அதைப் பார்க்கப் புதிய படம் தேவையில்லை. அதே தாளில் H, B, C மூன்றையும் ஒரு முக்கோணமாகப் பாருங்கள். H-இல் 120.5 பாகை; விரிகோண முக்கோணம். இதன் குத்துக்கோடுகள் எங்கே சந்திக்கும்? H-இலிருந்து BC-க்குச் செங்குத்து DA என்ற கோட்டில் போகும். B-யிலிருந்து CH-க்குச் செங்குத்து BA என்ற கோட்டில் போகும், ஏனென்றால் CF ஏற்கெனவே AB-க்குச் செங்குத்து. ஆகவே சந்திக்கும் புள்ளி A. ஒன்றின் செங்கோட்டு மையம் மற்றதன் உச்சியாக இடம் மாறிக்கொள்கிறது. அடிகள் மட்டும் மாறவில்லை; அதே D, E, F. A-யை BC-யில் பிரதிபலித்தால், முன்பு H, B, C வழியாக வரைந்த வட்டத்தில் போய் விழும். உள்வட்ட மையத்தின் கணக்கில் மட்டும் ஒரு திருத்தம்: முக்கோணம் விரிகோணமானால், அடி முக்கோணத்தின் உள்வட்ட மையமாக இருப்பது செங்கோட்டு மையம் அல்ல, விரிகோணம் உள்ள உச்சி.

ஒளிக்கதிரின் கதை இங்கே கடினமாகிறது. குறுங்கோண முக்கோணம் எதுவானாலும் அதற்குள் மூடிக்கொள்ளும் ஒரு பாதை உண்டு என்பதை அடி முக்கோணம் ஒரே வீச்சில் காட்டிவிட்டது. செங்கோண முக்கோணங்களுக்கும் அப்படியொரு பாதை உண்டு. விரிகோண முக்கோணங்கள் எல்லாவற்றிலும், எத்தனை மோதலுக்குப் பிறகானாலும் மூடிக்கொள்ளும் ஒரு பாதை இருக்கிறதா என்பதற்கு இன்றுவரை முழுமையான நிறுவல் இல்லை. அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்டு ஷ்வார்ட்ஸ், கணினியின் துணையோடு, மிகப்பெரிய கோணம் 100 பாகையைத் தாண்டாத முக்கோணங்கள் அனைத்துக்கும் அத்தகைய பாதை உண்டு என்று காட்டினார். அது 2009-இல் வெளியானது. பின்னர் வந்த கணினி ஆய்வுகள் அந்த எல்லையை 112 பாகையை ஒட்டிக் கொண்டுபோயிருக்கின்றன. நம் தாளில் ABC-க்குள் பாதையைக் காண மூன்று குத்துக்கோடுகள் போதும். அதே தாளில் அதனுள்ளேயே இருக்கும் HBC, 120.5 பாகையோடு, இந்த எல்லைகள் இரண்டுக்கும் வெளியே நிற்கிறது.